பூட்டு உங்கள் பொறுப்பு, நிலை ஓனர் பொறுப்பு

கேள்வி: சென்னை வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அம்மாவோடு வாடகைக்கு இருக்கிறேன். போன வாரம் இரவு இரண்டு மணிக்கு வாசல் கதவை யாரோ நெம்பும் சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டுக் கத்தியதும் ஓடிவிட்டார்கள். பூட்டு கோணி, நிலையில் மரம் பிளந்துவிட்டது. (போட்டோ இணைத்திருக்கிறேன்.) ஓனருக்குப் போன் செய்தால், "பூட்டு வாடகைக்கு இருக்கிறவங்க பொறுப்பு. ஒண்ணும் களவு போகலையே, போலீசுக்கெல்லாம் ஏம்மா போறீங்க" என்கிறார். ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். மாடிப்படி விளக்கு மூன்று மாதமாக எரியவில்லை, சொன்னால் அசைவதில்லை. ராத்திரி நாற்காலியைக் கதவில் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறோம். வாடகை 16,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், 11 மாத ஒப்பந்தம், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நானே சரிசெய்து வாடகையில் கழிக்கலாமா? அல்லது வாடகையை நிறுத்திவிட்டு, காலி செய்து அட்வான்ஸைக் கேட்கலாமா?

பதில்:

உங்கள் ஓனர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை ஒத்துக்கொண்டால் மீதிப் பாதியை அவரிடம் கேட்பது எளிதாகிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கு இப்போது இருப்பது 2017ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. இந்தப் புதிய சட்டத்தின் 15ஆவது பிரிவும் இரண்டாம் அட்டவணையும் எந்தப் பழுது யார் தலையில் என்று பிரித்துச் சொல்கின்றன. வாடகைதாரர் பட்டியலில் குழாய் வாஷர், சுவிட்ச், வாஷ்பேசின் ஆகியவற்றோடு கதவு, அலமாரி, ஜன்னல்களின் பூட்டும் கைப்பிடியும் மாற்றுவது இருக்கிறது. ஆக, பூட்டுக்காக ஓனர் வருவார் என்று காத்திருக்காதீர்கள். அவர் வர வேண்டிய கட்டாயம் இல்லை. காத்திருக்கிற ஒவ்வொரு இரவும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

ஆனால் நீங்கள் அனுப்பிய போட்டோவை நன்றாகப் பாருங்கள். பூட்டின் நாக்கு லேசாகத்தான் வளைந்திருக்கிறது. உண்மையில் விட்டுக்கொடுத்தது நிலை. நாக்கு போய் உட்காரும் குழியைச் சுற்றி இருந்த தகடு இரண்டு குட்டி ஸ்குரூவில் தொங்குகிறது. அந்த இடத்தில் மரம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. கீழே கதவின் ஓரத்தில் நசுங்கிய தடம் ஒன்று தெரிகிறது. இரும்பு ராடையோ கடப்பாரை முனையையோ கொடுத்து நெம்பிய இடம் அது. சாவிகொண்டு திறக்கப் பார்த்தவர்கள் இல்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. இந்த நிலையும் கதவுப் பலகையும் வாடகைதாரர் பட்டியலில் இல்லை. கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகள் ஓனர் பட்டியலில் முதல் வரி. அதற்கு ஒரே விதிவிலக்கு வாடகைதாரரால் ஏற்பட்ட சேதம். திருடன் நெம்பியது அதில் சேராது. அட்டவணையில் "நிலை" என்று தனியாக எழுதியிருக்காது, ஓனர் பக்க வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். ஆனால் சுவரில் பதித்த நிலையைக் கட்டடத்தின் பகுதி இல்லை என்று சொல்வது கஷ்டம். பூட்டையும் கைப்பிடியையும் கண்ணாடியையும் தேடி எழுதி வாடகைதாரரிடம் கொடுத்த சட்டம் நிலையை விட்டிருக்கிறது என்றால், அது இந்தப் பக்கம் வரவில்லை என்றுதான் நான் படிப்பேன். "ஒப்பந்தத்தில் எல்லாப் பழுதும் வாடகைதாரர் பொறுப்பு என்று போட்டிருக்கிறது" என்று அவர் சொன்னாலும், எழுத்து ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் இந்தப் பிரிவினை பொருந்தும் என்று 15ஆவது பிரிவே சொல்கிறது.

இனி, இன்றே செய்ய வேண்டியது. ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன் கதவை நான்கு கோணத்தில் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, நிலையின் பிளவு கிட்டத்தில் ஒன்று, நெம்பிய தடம் ஒன்று, பூட்டு ஒன்று. பிளவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் அளவும் பதிவாகும். ஸ்டேஷனுக்குப் போன் செய்து, "பூட்டைக் கழற்றப் போகிறோம், பார்க்க வருகிறீர்களா, ரேகை எடுக்க ஆள் வருவார்களா" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் கேட்ட நேரத்தையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு வாரம் நீங்களே தொட்டுப் புழங்கிய கதவில் ரேகை கிடைக்கும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கேட்டோம் என்பது பதிவில் இருக்கட்டும். கழற்றிய பூட்டையும் தகட்டையும் காகித உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்துத் தடயம் அழியும்.

ஆசாரி வந்ததும் பழைய குழியிலேயே புதுப் பூட்டை மாட்டப் பார்ப்பார், அவருக்கு அது சீக்கிரம் முடியும் வேலை. விடாதீர்கள். பிளந்த மரத்தில் எவ்வளவு விலை உயர்ந்த பூட்டு போட்டாலும் அடுத்த நெம்பலில் மரம்தான் போகும். பிளவுக்கு ஓரடி மேலேயோ கீழேயோ, மரம் திடமாக இருக்கிற இடத்தில் புதுப் பூட்டு உட்கார வேண்டும். நிலைப் பக்கம் வைக்கும் தகடு நீளமானதாக, எட்டு அங்குலமாவது இருக்கட்டும். அதில் அடிக்கும் ஸ்குரூ முக்கால் அங்குலமாக இல்லாமல் இரண்டரை அங்குலமாக இருந்தால் நெம்பும் விசை மரத்தின் உள்வரை பரவும். பூட்டு வாங்கும்போது ஒன்றைச் சோதியுங்கள். சாவியை இரண்டு சுற்று சுற்றினால் நாக்கு முழுதாக வெளியே வந்து, விரலால் அழுத்தினால் உள்ளே போகாமல் நிற்க வேண்டும். வெறும் ஸ்பிரிங்கில் ஓடும் லாட்ச் மட்டும் உள்ள பூட்டு கதவை மூடிவைக்கத்தான் உதவும், நெம்பலுக்குத் தாங்காது. இதோடு உள்பக்கம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கனமான தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள். நெம்புகிற விசை ஒரே இடத்தில் விழாமல் மூன்று இடத்தில் பிரிந்தால், சத்தம் போடாமல் திறக்க முடியாது. சத்தத்துக்குத்தான் அவர்கள் ஓடுகிறார்கள் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். நாற்காலி முட்டு இனி வேண்டாம். அவசரத்தில் நீங்கள் வெளியே ஓட வேண்டிவந்தால் அம்மாவுக்கு அதுவே தடையாகிவிடும்.

வெளியே இரும்பு கிரில் கேட் போட ஆசை வரும். நல்லதுதான், ஆனால் சுவரைத் துளைத்துப் பதிக்கிற வேலை என்பதால் ஓனரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள். வாய்மொழியாகச் சரி என்பார், காலி செய்யும்போது சுவரைக் காட்டி அட்வான்ஸில் பிடிப்பார். இதை நிறையப் பார்த்தாயிற்று.

அப்புறம் ஓனர். போனில் பேசியது போதும். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள், அதையே ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டிலும் போடுங்கள்:

"ஐயா, இன்ன தேதி இரவு இரண்டு மணியளவில் வீட்டு வாசல் கதவை உடைத்து நுழையச் சிலர் முயன்றார்கள். பூட்டும் வாசல் நிலையும் சேதமாகிவிட்டன. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, சி.எஸ்.ஆர். எண் இன்னது பெற்றிருக்கிறேன். பூட்டை என் செலவில் மாற்றிவிட்டேன். பிளந்த நிலையையும் எரியாத மாடிப்படி விளக்கையும் தாங்கள் ஏழு நாட்களுக்குள் சரிசெய்து தர வேண்டுகிறேன். நிலையைச் சரிசெய்யாவிட்டால் 2017ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 15இன்படி நானே செய்து, அதற்கான ரசீதோடு வாடகையில் கழித்துக்கொள்வேன். படங்கள் இணைத்துள்ளேன்."

இதில் கோபம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் பங்கை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்பதே இந்தக் கடிதத்தின் பலம். பல ஓனர்கள் இந்தக் கட்டத்தில் இறங்கி வந்துவிடுவார்கள். காவல் நிலைய எண்ணோடு எழுத்தில் ஒன்று வந்தபிறகு, அடுத்த முறை உண்மையிலேயே களவு போனால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது என்பது அவர்களுக்குப் புரியும்.

ஏழு நாளில் அசையவில்லை என்றால் நீங்களே செய்யலாம், கழிக்கலாம். ஆனால் ஒரே மாதத்தில் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. உங்கள் வாடகை 16,000 என்றால் மாதம் 8,000தான் எல்லை. நிலையை மாற்றி, சுவரைப் பூசி, கதவைத் திரும்ப மாட்ட 11,000 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 8,000 கழித்து 8,000 செலுத்துங்கள். அடுத்த மாதம் மீதி 3,000 கழித்து 13,000 செலுத்துங்கள். வேலை தொடங்கும் முன் இரண்டு ஆசாரிகளிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், குறிப்பில் "நிலைப் பழுது போக" என்று எழுதுங்கள். புதுப் பூட்டின் விலையை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அந்த ஓராயிரம், ஈராயிரத்துக்காக மொத்தக் கணக்கும் தப்பு என்று அவர் சொல்ல இடம் கொடுக்க வேண்டாம்.

வாடகையை நிறுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். செய்யவே செய்யாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி என்பது இதே சட்டத்தில் உங்களை வெளியேற்றக் கேட்பதற்கான காரணம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது வழக்கை அவர் கையில் கொடுத்துவிடுவீர்கள்.

சரி, காவல் நிலையம். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்தது என்பதற்கான ரசீது மட்டும். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. "ஒன்றும் போகலையே" என்று அங்கேயும் சொல்லியிருப்பார்கள். எதுவும் போகாவிட்டாலும் முயற்சி குற்றம்தான். சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுவதை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 331ஆவது பிரிவு தனியாகவே வைத்திருக்கிறது, திருடும் நோக்கம் இருந்தால் தண்டனை 14 ஆண்டுவரை போகும். முயற்சிக்கு 62ஆவது பிரிவு. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய இப்படிப்பட்ட குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013லேயே சொல்லிவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சில குற்றங்களுக்கு, அதிகாரியின் அனுமதியோடு, முதற்கட்ட விசாரணை செய்ய இடம் இருக்கிறது. அதையும் 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதற்குமேல் சி.எஸ்.ஆரிலேயே வைத்துக்கொண்டு உட்கார முடியாது.

இதில் உங்கள் மனுவும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். நான் பார்க்கிற மனுக்களில் பாதி, "என் வீட்டுப் பூட்டு உடைந்துள்ளது, தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிந்துவிடும். அதைப் படிக்கிற எழுத்தருக்கு அது பூட்டுப் பழுது. கூடுதல் மனு ஒன்று எழுதிக் கொடுங்கள். எத்தனை மணிக்கு என்ன சத்தம் கேட்டது, எத்தனை பேர் ஓடும் காலடி கேட்டது, எந்தப் பக்கம் போனார்கள், வண்டிச் சத்தம் இருந்ததா, கதவில் எங்கெங்கே தடம் என்று எழுதுங்கள். "திருடும் நோக்கத்தோடு இரும்புக் கருவியால் கதவை நெம்பி வீட்டுக்குள் புக முயன்றார்கள்" என்ற வாக்கியம் அதில் இருக்கட்டும். நடந்ததுக்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். முகம் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்தால் நகல் இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் அதே மனுவைத் துணை ஆணையருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், அந்தக் கட்டத்தில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். மனுவின் நிலையை eservices.tnpolice.gov.in தளத்தில் சி.எஸ்.ஆர். எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

வழக்கைவிட அவசரமானது சி.சி.டி.வி. எதிர்வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ கேமரா இருந்தால் அதன் பதிவு சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில், மேலேயே புதிது எழுதி அழிந்துவிடும். ஒரு வாரம் போய்விட்டது. இன்றே போய் அந்த இரவு ஒன்றரையிலிருந்து இரண்டரை வரையான பகுதியை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் உங்களிடம் தர வேண்டாம், அழியாமல் வைத்தால் போதும், போலீஸ் வந்து வாங்கிக்கொள்ளும் என்று சொல்லுங்கள். கூடுதல் மனுவில் அந்தக் கடையின் பெயரையும் எழுதுங்கள். அதோடு உங்கள் தெருவில் ரோந்து வருபவர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் உங்கள் கட்டடத்திலும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இது பெரும்பாலும் மறுக்காமல் நடக்கிற காரியம். மறுபடி சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பார்க்காமல் 100க்கோ 112க்கோ கூப்பிடுங்கள், விளக்கைப் போட்டுச் சத்தம் கொடுங்கள். அன்று செய்தது சரியே.

மாடிப்படி விளக்கை நீங்கள் சின்ன விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் அது குடிநீர், மின்சாரத்தோடு சேர்ந்த அத்தியாவசிய சேவை. ஓனர் அதை நிறுத்திவைக்கக் கூடாது. மூன்று மாதம் இருட்டில் கிடக்கும் படி என்பது இந்த வழக்கில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல ஆயுதம். வாடகை அதிகாரியிடம் மனு போட்டால் விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால உத்தரவு கேட்கலாம். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். ஆனால் அங்கே முதல் கேள்வி, "ஒப்பந்தம் பதிவு செய்திருக்கிறீர்களா" என்பதாக இருக்கும். நம் ஊரில் 11 மாத ஒப்பந்தம் பெரும்பாலும் முத்திரைத்தாளில் இரண்டு கையெழுத்தோடு நின்றுவிடுகிறது. உங்களுடையதைப் பாருங்கள், tenancy.tn.gov.in தளத்தில் பெற்ற பதிவு எண் இருக்கிறதா என்று. இல்லை என்றால் பதிவு செய்யச் சொல்லி ஓனருக்கு எழுதுங்கள். அதுவரை, மற்ற வீட்டுக்காரர்களோடு சேர்ந்து ஒரு பல்பு வாங்கி மாட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக, காலி செய்வது. பூட்டு உடைந்ததும் நிலை பிளந்ததும் வீட்டைக் குடியிருக்கத் தகுதியற்றதாக ஆக்கிவிடாது. அதைக் காரணம் காட்டி நாளைக்கே வெளியேறி முழு அட்வான்ஸையும் கேட்டால், ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் மாதத்தை அவர் பிடிப்பார், பெரும்பாலும் அது அவருக்குச் செல்லும். போகத்தான் வேண்டும் என்றால் நோட்டீஸ் காலத்தை எழுத்தில் கொடுத்து, அதுவரை வாடகையைக் கட்டி, சாவியை ஒப்படைக்கும்போது கதவையும் புதுப் பூட்டையும் அவர் முன்னால் திறந்து காட்டி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அது நிற்கும். உங்கள் ஒரு லட்சம் ஆறு மாதத்துக்கும் மேல் வருகிறது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதால் அந்த வாதத்தை நம்பி இறங்காதீர்கள். ஒப்பந்தத்தின் நகலை அனுப்பினால் நோட்டீஸ் வரியைப் பார்த்துச் சொல்கிறேன்.